கட்டபொம்மன் எந்தப் பக்கம் ஓடினார்?

1799 செப்டம்பர் தொடக்கம். மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபின், கட்டபொம்மன் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு வடக்கே போகிறார். கோலார்பட்டியில் எட்டயபுரத்து ஆட்களோடு மோதல். பிடிபட்ட தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கில் போடுகிறார்கள். கட்டபொம்மன் தப்பி, சிவகங்கைச் சீமை தாண்டி, வல்லத்திராக்கோட்டைக்கு மேற்கே இருக்கிற திருக்களம்பூர்க் காட்டுக்குள் ஒளிகிறார். தமிழக வரலாற்றில் இதைவிட நல்ல துரத்தல் காட்சி எனக்குத் தெரியாது.

இதை ஸ்டோரிபோர்டாக வரைய உட்கார்ந்தால் முதல் கட்டத்தில் குதிரை வரையக் கூடாது. வரைபடம்தான் வரைய வேண்டும். வடக்கு என்பது திரையின் வலப்பக்கம் என்று முடிவுசெய்துகொள்வோம். அப்படியானால் கேமரா எப்போதும் பாதைக்குக் கிழக்கே நின்று மேற்கைப் பார்க்க வேண்டும். (சாயங்காலக் காட்சிகளில் சூரியன் கேமராவுக்கு நேரே வந்துவிடும், குதிரைகள் நிழலுருவாகத் தெரியும். நல்லதுதான்.) ஒரே ஒரு கட்டத்தில் கேமரா பாதையைத் தாண்டி மேற்கே போனாலும், ஓடுகிறவர் பாஞ்சாலங்குறிச்சிக்கே திரும்புவதுபோல் தெரியும். தாண்டியே ஆகணும்னா, நடுவில் குதிரை நேராக நம்மை நோக்கி வருகிற கட்டம் ஒன்று வேண்டும்.

தூரம் புரிய மண் உதவும். முதலில் கரிசல், பிறகு வைகை மணல், கடைசியில் புதுக்கோட்டைச் செம்மண்ணும் முள்காடும். பதற்றத்துக்கு ஒரு பனைமரம் போதும். அவர் மரத்தைக் கடக்கிறார், ஃப்ரேம் காலி, நான்கு விநாடி கழித்துத் துரத்துபவர்கள். வைகையில் அதே ஏற்பாடு, இரண்டு விநாடி. அடுத்த முறை இரு தரப்பும் ஒரே ஃப்ரேமில். வேகமாக வெட்டித் தள்ளுவதால் பதற்றம் வராது, இடைவெளி சுருங்குவதைக் கண் அளந்தால்தான் வரும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கட்டங்களைக் கலைத்துப்போட்டு கதை தெரியாத ஒருவரிடம் அடுக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் திசை எங்கோ உடைந்திருக்கிறது.

சிக்கல் திருக்களம்பூரில்தான். வல்லத்திராக்கோட்டைத் தம்பி ஒருவன் என் கட்டங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, நம்ம தொண்டைமான் ஆளுக எந்தப் பக்கமிருந்து உள்ள வர்றாங்க?"

சாதாரணக் கேள்வி இல்லை. இடப்பக்கமிருந்து வந்தால் அவர்களும் கும்பினியோடு சேர்ந்து துரத்தியவர்கள். வலப்பக்கமிருந்து வந்தால் அடைக்கலம் தேடி வந்தவனை வழிமறித்தவர்கள். இருநூறு வருஷமாகப் புதுக்கோட்டைக்காரர்கள் கேட்டுவரும் பழி அந்த ஒரு அம்புக்குறிக்குள் இருக்கிறது. நான் அவர்களைக் காட்டின் ஆழத்திலிருந்து, கேமராவை நோக்கி வரவைத்தேன். அதற்கு முந்தைய கட்டத்தில் ஒரு கடிதம்: கட்டபொம்மனைப் பிடித்துத் தரும்படி கலெக்டர் லூஷிங்டன் விஜய ரகுநாத தொண்டைமானுக்கு அனுப்பியது. கடிதம் பின்னால் வந்தால் அது சாக்கு, முன்னால் வந்தால் அது காரணம்.

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "தப்பிக்கிறீங்கண்ணே" என்றான்.

மிச்சம் சில கட்டங்களே. பிடிபட்டவர் தெற்கே நடத்திச் செல்லப்படுகிறார், இப்போது வலமிருந்து இடமாக. அதே செம்மண், அதே வைகை மணல், அதே பனை. மரத்தைக் கடந்தபின் ஃப்ரேம் காலியாகவே இருக்கிறது, துரத்த யாருமில்லை. அக்டோபர் 16, கயத்தாறு.