கடன் வழி (பணவியல் கொள்கை)

கடன் வழி என்பது நடுவண் வங்கி வட்டி வீதத்தை மாற்றும்போது, அம்மாற்றம் கடன் கிடைக்கும் அளவையும் அதன் நிபந்தனைகளையும் பாதித்து, அதன் ஊடாக முதலீட்டையும் உற்பத்தியையும் சென்றடையும் பாதையைக் குறிக்கும். இது இருப்புநிலை வழி, வங்கிக் கடன் வழி என இரு கிளைகளைக் கொண்டது. முதலாவது கடன் வாங்குபவரின் நிதிநிலையைப் பற்றியது. இரண்டாவது கடன் கொடுக்கும் வங்கியின் நிதிநிலையைப் பற்றியது. வட்டி உயர்ந்தால் கடன் கேட்போர் குறைவர் என்னும் வழக்கமான விளக்கத்துக்கு இது மாற்று அன்று. அவ்விளைவைப் பெரிதாக்கும் கூடுதல் விளைவே இது.

கருத்தின் தோற்றம்

அமெரிக்கப் பொருளியலாளர் பென் பெர்னான்கி 1983 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், 1930களின் பெரும் வீழ்ச்சி நீடித்ததற்குப் பணத்தின் அளவு சுருங்கியது மட்டுமே காரணம் அன்று என வாதிட்டார். வங்கிகள் மூடப்பட்டபோது, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று அவை பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த அறிவும் சேர்ந்து அழிந்தது என்பது அவரது கருத்து. 2022 ஆம் ஆண்டின் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசை அவர் பெற்றதற்கு இவ்வாய்வு முக்கிய காரணமாகும்.

1995 இல் அவரும் மார்க் கெர்ட்லரும் ஒரு புதிரை முன்வைத்தனர். நடுவண் வங்கி நேரடியாகக் கட்டுப்படுத்துவது குறுகிய கால வட்டியை மட்டுமே. அதில் ஏற்படும் சிறு மாற்றம் நிறுவனங்களின் செலவுக் கணக்கைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஆயினும் உற்பத்தி கணிசமாகக் குறைகிறது. இந்த இடைவெளியை நிரப்ப அவர்கள் கையாண்ட கருத்து "புறநிதி மிகைச் செலவு" ஆகும். ஒரு நிறுவனம் தன் சொந்தப் பணத்தைப் பயன்படுத்துவதை விட, வெளியாரிடம் பணம் பெறுவதற்குக் கூடுதலாகச் செலவாகிறது. கடன் வாங்குபவரின் உண்மை நிலை கொடுப்பவருக்கு முழுமையாகத் தெரியாததே இதற்குக் காரணம். வட்டி உயரும்போது இந்த மிகைச் செலவும் சேர்ந்து உயர்கிறது என்பதே கடன் வழியின் சாரம்.

இருப்புநிலை வழி

ஒரு கற்பனை நிறுவனத்தைக் கொண்டு இதை விளக்கலாம். அதன் ஆண்டு இயக்க வருவாய் 10 இலட்சம் டாலர். மாறும் வட்டியில் வாங்கிய கடன் 50 இலட்சம். வட்டி 6% ஆக இருக்கும்போது 3 இலட்சம் வட்டிக்குப் போக, 7 இலட்சம் கையில் நிற்கும். நிறுவனத்தின் நிலம் ஆண்டுக்கு 6 இலட்சம் வாடகை பெறத்தக்கது எனில், 6% வட்டியில் அதன் மதிப்பு ஏறத்தாழ 100 இலட்சம். ஈட்டின் மதிப்பில் 70% வரை வங்கி கடன் தருமாயின், மேலும் 20 இலட்சம் வாங்க இடமுண்டு. ஆகவே ஆண்டுக்கு 15% ஆதாயம் தரும் 12 இலட்சம் டாலர் இயந்திரம் ஒன்றை, 7 இலட்சம் சொந்தப் பணத்துடன் 5 இலட்சம் கடனும் சேர்த்து எளிதாக வாங்கிவிடலாம்.

இப்போது வட்டி 9% ஆக உயர்கிறது. இயந்திரம் தரும் ஆதாயம் 15% என்பதால், வட்டியை மட்டும் பார்த்தால் அது இன்னும் இலாபகரமானதே. ஆனால் ஆண்டு வட்டி 4.5 இலட்சமாகிறது, கையில் நிற்பது 5.5 இலட்சம். நிலத்தின் மதிப்பு சுமார் 66.7 இலட்சமாகக் குறைகிறது. அதில் 70% என்பது 46.7 இலட்சம். இது ஏற்கனவே உள்ள கடனுக்கே போதாது. வங்கி மீதி 3.3 இலட்சத்தைத் திருப்பிக் கேட்டால், நிறுவனத்திடம் எஞ்சுவது 2.2 இலட்சம் மட்டுமே. இலாபம் தரக்கூடிய இயந்திரம் வாங்கப்படாமலேயே போகிறது.

இக்கணக்கில் ஒரு மிகைப்படுத்தல் உண்டு. வட்டி உயர்வு என்றென்றும் நீடிக்கும் என எல்லோரும் நம்பினால் மட்டுமே நிலமதிப்பு மூன்றில் ஒரு பங்கு வீழும். சில ஆண்டுகளில் வட்டி இறங்கும் என எதிர்பார்க்கப்பட்டால் வீழ்ச்சி மிகச் சிறியதாகவே இருக்கும். அப்போதும் கையிருப்பு குறைவது குறைவதே. மேலும், நிலையான வட்டியில் நீண்டகாலக் கடன் பெற்ற நிறுவனத்தை அந்த முதல் அடி உடனே எட்டாது.

வங்கிக் கடன் வழி

இதில் இடர்ப்படுவது வங்கியே. பழைய விளக்கத்தின்படி, நடுவண் வங்கி கடன் பத்திரங்களை விற்றுப் பணத்தை உள்ளிழுக்கும்போது வங்கிகளின் ரொக்க இருப்பு குறைகிறது. வைப்புத் தொகைகளின் ஒரு பங்கைக் கட்டாய இருப்பாக வைக்க வேண்டியிருப்பதால், வைப்புகளும் சுருங்குகின்றன. பெரிய வங்கி வைப்புச் சான்றிதழ்களை விற்று இழந்த பணத்தை ஈடு செய்துகொள்ளும். காப்பீடற்ற இத்தகைய பணத்தைச் சிறிய வங்கி எளிதில் திரட்ட இயலாது. ஆகவே அது கையிலுள்ள பத்திரங்களை விற்க வேண்டும், அல்லது கடன் கொடுப்பதைக் குறைக்க வேண்டும்.

இதன் விளைவு நாட்டின் உற்பத்தியைத் தொடுவதற்கு வேறொரு நிபந்தனையும் தேவை. வங்கியை விட்டால் வேறு வழியற்ற கடனாளிகள் இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் சந்தையில் நேரடியாக வணிகத் தாள்களை வெளியிட்டுப் பணம் திரட்டும். சிறிய பட்டறைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வேறுபடுத்திக் காணும் சிக்கல்

வட்டி உயர்ந்தபின் கடன் குறைந்தது என்பது மட்டும் எதையும் மெய்ப்பிக்காது. வங்கி கொடுக்க மறுத்ததா, அல்லது நிறுவனங்கள் கேட்கவில்லையா என்பது அப்புள்ளிவிவரத்தில் தெரியாது. 1993 இல் அனில் காஷ்யப், ஜெரமி ஸ்டைன், டேவிட் வில்காக்ஸ் ஆகியோர், பணக் கட்டுப்பாட்டுக்குப் பின் அமெரிக்காவில் வணிகத் தாள்கள் பெருகுவதையும் வங்கிக் கடன் சுருங்குவதையும் காட்டினர். தேவை மட்டுமே குறைந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே குறைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் 1996 இல் ஸ்டீபன் ஒலினர், கிளென் ரூட்புஷ் ஆகியோர் இதற்கு வேறு விளக்கம் அளித்தனர். எல்லா வகைக் கடனும் சிறு நிறுவனங்களிடமிருந்து பெரு நிறுவனங்களுக்கு நகர்கிறது. வணிகத் தாள்களை வெளியிடுவோர் பெரு நிறுவனங்களே என்பதால் அவை பெருகியதாகத் தோன்றுகிறது என்றனர். அவ்வாறாயின் அச்சான்று வங்கிக் கடன் வழியை அன்றி இருப்புநிலை வழியையே ஆதரிக்கிறது.

இதன்பின் காஷ்யப்பும் ஸ்டைனும் தனித்தனி வங்கிகளை நோக்கினர். 2000 இல் வெளியான அவர்களது ஆய்வு, காப்பீடு பெற்ற அமெரிக்க வணிக வங்கிகள் அனைத்தின் 1976–1993 காலத்துக் காலாண்டுக் கணக்குகளைப் பயன்படுத்தியது. எளிதில் விற்கக்கூடிய பத்திரங்களைக் குறைவாக வைத்திருந்த வங்கிகள் கடனைக் கூடுதலாகக் குறைத்தன. இவ்விளைவு அளவில் சிறியனவான 95% வங்கிகளிலேயே காணப்பட்டது. வங்கியின் நிலையே கடனைப் பாதிக்கிறது என்பதற்கு இது முந்தையதை விட வலுவான சான்றாகும். எனினும் அச்சிறு வங்கிகள் மொத்தக் கடனில் ஒரு பகுதியையே வழங்குவதால், நாடு தழுவிய விளைவு எவ்வளவு என்பதை இது முடிவு செய்யவில்லை.

பிற்கால மாற்றங்கள்

ஐக்கிய அமெரிக்காவில் கட்டாய ரொக்க இருப்பு விகிதம் 2020 மார்ச் மாதத்தில் சுழியமாக்கப்பட்டது. ஆகவே மேலே கூறப்பட்ட பழைய இயங்குமுறை அங்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வங்கியின் நிதிநிலை வேறு விதமாகத் தாக்கப்படலாம். பெடரல் ரிசர்வ் 2022 மார்ச்சில் சுழியத்தை ஒட்டியிருந்த தன் இலக்கு வட்டியை 2023 சூலைக்குள் 5.25–5.50% வரை உயர்த்தியது. வைப்பாளர்கள் கூடுதல் வட்டி தேடிப் பணத்தை வெளியே எடுத்தனர். அதே வேளையில், வங்கிகள் முன்னர் வாங்கிய நீண்டகாலப் பத்திரங்களின் சந்தை மதிப்பு வீழ்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் சிக்கிய சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச் 10 அன்று மூடப்பட்டது. பத்திரங்களைக் கையில் வைத்திருப்பது வங்கிக்குப் பாதுகாப்பு என்னும் பழைய முடிவு, அப்பத்திரங்களை இழப்பின்றி விற்க முடியும்போதே செல்லுபடியாகும்.