மஹரும் கைக்கூலியும்

கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களில் நடைபெறும் திருமணம் ஒன்றிலே இருவகைக் கணக்குகள் உண்டு. ஒன்று சபையறியச் சொல்லப்படுவது. மணமகன் மணமகளுக்கு இவ்வளவு மஹர் கொடுத்து இவளை மணக்கிறான் என்று சாட்சிகளின் முன்னிலையில் கூறப்பட்டுப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. மற்றது சபையிலே சொல்லப்படாதது. திருமணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே பெண் வீட்டு விறாந்தையிலே பேசி முடிக்கப்பட்டது. வீடு எது, வளவு எவ்வளவு, வயல் உண்டா, மாப்பிள்ளை கையில் கொடுக்கும் தொகை என்ன என்பன அதில் அடங்கும். முதற் கணக்கிலே பொருள் ஆணிடமிருந்து பெண்ணுக்குச் செல்கிறது. இரண்டாவதிலே பெண் வீட்டிலிருந்து ஆணுக்குச் செல்கிறது. முன்னது வேதத்தின் கட்டளை. பின்னது ஊரின் வழமை. ஒரே பந்தலின் கீழ் இவ்விரண்டும் எவ்வாறு கூடி வாழ்கின்றன என்பதே நாம் ஆராய விரும்புவது.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. மக்கள் மார்க்கத்தை அறியவில்லை என்பர் சிலர். அயலிலுள்ள தமிழரிடமிருந்து இந்த வழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது என்பர் வேறு சிலர். இரண்டும் எளிய விடைகள், எளியவையாதலாலேயே போதாதவை.

முதலில் வேதம் கூறுவதைப் பார்ப்போம். குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தின் நான்காம் வசனம், பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து அவர்களிடமே கொடுத்துவிடுமாறு ஆண்களைப் பணிக்கிறது. இங்கே கவனிக்கத்தக்கது, மஹர் பெண்ணின் தந்தைக்குரியதன்று என்பது. அது பெண்ணை வாங்கும் விலையன்று. அவளுடைய சொந்தச் சொத்து. அதே அத்தியாயத்தின் இருபதாம் வசனம், ஒரு பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் மனைவியை விலக்கும்போது அதிலிருந்து எதையும் திருப்பி எடுக்கலாகாது என்கிறது. கொடுக்க வசதியற்ற ஏழை ஒருவனிடம், ஓர் இரும்பு மோதிரமாவது தேடிப் பார் என்று நபிகள் நாயகம் கூறியதாக நபிமொழித் தொகுப்புகள் தெரிவிக்கின்றன. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபு, இதற்கிணங்க மஹருக்குக் குறைந்தபட்ச அளவு எதனையும் விதிக்கவில்லை.

பெண் வீட்டார் கொடுப்பதற்கும் மார்க்கத்தில் ஆதாரமுண்டு என வாதிப்போர், நாயகம் தம் மகள் பாத்திமாவுக்குச் சில வீட்டுப் பொருள்களைக் கொடுத்ததைக் காட்டுவர். மரபுச் செய்திகள் குறிப்பிடும் அப்பொருள்கள் ஒரு போர்வை, ஒரு தோல் தண்ணீர்ப்பை, புல் அடைத்த ஒரு தலையணை என்ற அளவிலானவை. மணமகனான அலியோ நாயகத்தின் வீட்டிலேயே வளர்ந்தவர். தம் போர்க்கவசத்தையே மஹராகக் கொடுத்தவர். மணமகன் தொகை கேட்டதற்கு இதிலே சான்று தேடுவது வீண். இவை ஊரில் எவரும் அறியாத செய்திகளல்ல. பள்ளிவாசல்களிலே ஆண்டுதோறும் சொல்லப்படுபவை. ஆகவே அறியாமை என்ற விடை நிற்காது.

இனி வழமையைப் பார்ப்போம். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலே மக்கள் தாய்வழியாக எண்ணப்படும் குடிகளாகப் பிரிந்துள்ளனர். பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்கிறான். மூத்த மகளுக்குப் பெற்றோர் தம் வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்காக அதே வளவிலோ அருகிலோ வேறொரு வீட்டைக் கட்டத் தொடங்குகின்றனர். கடைசி மகளின் வீட்டிலே ஒதுங்கி முதுமையைக் கழிக்கின்றனர். ஆண் பிள்ளைக்கு வீடு இல்லை. அவன் மணம் செய்து புகும் வீடே அவன் வீடு.

இதே ஏற்பாட்டை அயலூர்களிலுள்ள சைவத் தமிழரிடமும் காண்கிறோம். அவர்களிடமும் தாய்வழிக் குடியுண்டு; மகளுக்கு வீடுண்டு; மருமகன் வந்து புகுவதுண்டு. ஆனால் அவர்களுடைய சாத்திரம் வேறு. சீதனம் என்ற சொல்லே ஸ்திரீதனம் என்பதன் திரிபு. பெண்ணுக்குரிய செல்வம் என்பது அதன் பொருள். தாய், தந்தை, உடன்பிறந்தான் முதலியோர் அன்பினால் கொடுத்தவை அவளுடைய தனிச் சொத்து என மனுநூலும் வகுக்கிறது. கடலுக்கு அப்பால், தமிழகத்தின் காயல்பட்டினத்து முஸ்லிம்களிடையிலும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுண்டு. வேறு பல நாடுகளிலோ, அதே குர்ஆனை ஓதும் மக்களிடையே மணப்பெண் மாப்பிள்ளை வீட்டுக்குச் செல்கிறாள். அங்கே மஹர்த் தொகையைச் சேர்க்க இயலாமல் இளைஞரே திருமணத்தைத் தள்ளிப்போடும் இடங்களும் உள்ளன.

ஆகவே வேதம் வேறாயிருந்தும் வழமை ஒன்றாயிருக்கிறது. வேதம் ஒன்றாயிருந்தும் வழமை வேறாகிறது. வழமையின் வேர் வேதத்தில் இல்லை என்பது இதனால் தெளிவு. திருமணத்தின் பின் யார் யாருடைய வீட்டில் வாழ்கிறார், நிலம் யார் வழியே இறங்குகிறது என்பவற்றிலேயே அது ஊன்றியிருக்கிறது. இவ்வாறிருக்க, தமிழரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்பதும் பொருந்தாது. ஒரே கரையில், ஒரே வகை வயலையும் வளவையும் கொண்டு வாழ்ந்த இரு மக்கள், ஒருவரோடொருவர் கலந்து உருவாக்கிய அமைப்பு இது.

வழமைக்கும் வேதத்துக்கும் இங்கே இன்னுமொரு பிணக்குண்டு. மார்க்கச் சட்டப்படி பெற்றோரின் மரணத்தின் பின் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஆனால் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீட்டையும் வளவையும் நன்கொடையாக மகள்மாருக்கு எழுதிவிட்டால், பங்கிட எஞ்சுவது சொற்பமே. பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புச் செய்த ஒருவரிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று வினவி, இல்லையென்றதும் அதற்குச் சாட்சியாக இருக்க நாயகம் மறுத்ததாக நபிமொழியுண்டு. எனினும், ஷாபி மத்ஹபு இத்தகைய நன்கொடையை விரும்பத்தகாதது என்கிறதேயன்றிச் செல்லாதது என்று தள்ளவில்லை. அந்த இடைவெளியிலேதான் வழமை குடியிருக்கிறது. அதனால் நன்மையடைபவள் பெண் என்பதையும் நாம் மறத்தலாகாது. மணவிலக்கு நேர்ந்தால் வெளியேறுபவன் கணவன். அவளும் பிள்ளைகளும் தம் கூரையின் கீழேயே இருக்கின்றனர்.

கைக்கூலியோ இதனின்றும் வேறானது. வீடு பெண்ணின் பெயரில் நிற்கிறது; கைக்கூலி ஆணின் கைக்குப் போகிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இதற்குத் தந்துள்ள வரையறை வியப்பானது. மணமகளின் உபயோகத்துக்கென மணமகனுக்குக் கொடுக்கப்படும் அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்படும் பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி என்கிறது அது. அதாவது, சட்டத்தின் கண்ணிலே கணவன் அப்பணத்தைப் பெண்ணுக்காக வைத்திருப்பவனே. அதைத் திருப்பிப் பெறும் கோரிக்கையைக் காதி நீதிபதி விசாரிக்கலாம். ஆனால் அப்பணம் நடைமுறையில் எங்கே போகிறது?

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். ஒரு பாடசாலை ஆசிரியருக்கு மகள்மார் மூவர், மகன் ஒருவன். மூத்தவளுக்குத் தம் வீட்டைக் கொடுத்தாயிற்று. இரண்டாமவளுக்குக் கட்டிய வீடு சுவர்மட்டத்தில் நிற்கிறது. மகனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்கிறது. அவனுக்கு ஐந்து இலட்சம் ரூபா கைக்கூலி பேசப்படுகிறது. மஹர் ஐயாயிரம் ரூபா. அந்த ஐந்து இலட்சத்திலே இரண்டாமவளின் வீட்டுக்குக் கூரை ஏறுகிறது. மிச்சம் மூன்றாமவளுக்கு வரப்போகும் மாப்பிள்ளையின் கைக்கூலிக்கென ஒதுக்கப்படுகிறது. அந்த மாப்பிள்ளையின் தந்தையும் அதைத் தம் மகளுக்கே செலவிடுவார். ஒரு பெண்ணின் உபயோகத்துக்கென்று வந்த பணம் இவ்வாறு வேறொரு பெண்ணின் கூரையாகிறது. கொடுத்தவளிடம் எழுத்தில் ஒரு வரியும் இல்லை. பின்னர் மணமுறிவு நேர்ந்து காதியிடம் சென்றால், கொடுத்ததற்கு அத்தாட்சி என்ன என்பதே முதற் கேள்வி.

அந்த ஆசிரியர் பேராசைக்காரரல்லர். வேதத்துக்குப் பணிந்து மகனுக்குக் கைக்கூலி வேண்டாம் என்று அவர் சொன்னால், எஞ்சிய இரு மகள்மாரின் பாரம் முழுவதும் அவர் தலையில் விழும்; அவர்களுக்காக அவரிடம் கேட்பவர்கள் கேட்பதை விடப்போவதில்லை. சங்கிலியிலிருந்து தனியே விலகுபவனே அதன் விலையைச் செலுத்துகிறான். வழமையின் வலிமை இதுவே. பங்கிடப் போதிய வயலும் வளவும் இருந்த காலத்தில் நிலம் செய்த வேலையை, நிலம் சுருங்கிச் சம்பளம் பெருமை பெற்ற காலத்தில் பணம் செய்யத் தொடங்கியது. மாப்பிள்ளையின் உத்தியோகம் அவன் விலையாயிற்று.

இதனிடையே மஹருக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். ஏழைக்கு இரங்கி வேதம் அளித்த சலுகை, இலட்சங்களைப் பெறுபவனுக்கும் உதவுகிறது. அவன் ஐயாயிரம் ரூபா கொடுத்துக் கட்டளையை நிறைவேற்றிவிடுகிறான். வேதத்தின் எழுத்து முழுமையாகக் காக்கப்படுகிறது. அதன் நோக்கம் தலைகீழாகிறது. வழமை வேதத்தை எதிர்ப்பதில்லை. அதற்குச் சபையிலே ஓர் ஆசனம் கொடுத்துவிட்டுத் தன் காரியத்தை விறாந்தையிலே நடத்துகிறது.

ஆதலால், சீதனம் முழுவதையும் ஒழித்து வேதத்துக்குத் திரும்புவோம் என்னும் அறைகூவலைக் கேட்கும்போது, எதை ஒழிக்கப் போகிறோம் என்று நாம் கேட்டாக வேண்டும். கைக்கூலியோடு வீட்டையும் சேர்த்து ஒழித்தால், பெண் தன் வழமைச் சொத்தையும் இழப்பாள். ஐயாயிரம் ரூபா மஹரோடு கணவன் வீட்டிலே நிற்பாள். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் கடற்கோள் இக்கரையை அழித்த பின்னர், புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது பல இடங்களிலே குடும்பத் தலைவர் என்ற பெயரில் அவை ஆண்களுக்கே எழுதப்பட்டன. அழிந்த வீடுகளோ பெரும்பாலும் பெண்களுக்குச் சொந்தமாயிருந்தவை. ஒரு பேனாவின் கோட்டிலே தலைமுறைகளின் உரிமை எவ்வளவு எளிதாக மறையக்கூடும் என்பதை அந்த அனுபவம் காட்டிற்று.

மஹர், வீடு, கைக்கூலி என்ற மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதை நாம் முதலில் கைவிட வேண்டும். மஹர் பெறுமதியுள்ளதாகிப் பெண்ணின் கையிலே சேர வேண்டும். வீடு கொடுக்கப்படுமாயின் உறுதி அவள் பெயரிலேயே இருக்க வேண்டும். அவளுடைய சகோதரர்களின் நியாயமும் அப்போதே பேசித் தீர்க்கப்பட வேண்டும். கைக்கூலிக்கு மட்டும் வேதத்திலும் இடமில்லை, நீதியிலும் இடமில்லை. அதைத் தனியொரு தந்தையின் மனச்சாட்சியிடம் விட்டுவிட்டால் அது ஒழியாது. கொடுப்பதில்லை, வாங்குவதில்லை என்று ஓர் ஊர், ஒரு பள்ளிவாசல் நிருவாகம், குடித் தலைவர்களான மரைக்காயர்மார் எல்லோரும் ஒருங்கே முடிவு செய்யும்போதுதான் சங்கிலியின் எல்லா வளையங்களும் ஒரே நேரத்தில் கழலும்.