ஈற்றடி யாருடையது?

ஒரு கவிதையின் கடைசி வரியைக் கவிஞன் எழுதுவதில்லை. நடுவர்கள் எழுதித் தருகிறார்கள். மற்ற ஒன்பது வரிகளை அவன் சில நிமிடங்களில், கூட்டத்தின் முன்னால், அந்த வரியை நோக்கிக் கட்டிக்கொண்டு போக வேண்டும். கரீபியத் தீவுகளான போர்ட்டோ ரிக்கோவிலும் கியூபாவிலும் இதற்குப் 'பியே ஃபோர்சாதோ' என்று பெயர். 'பியே' என்றால் பாதம், 'ஃபோர்சாதோ' என்றால் கட்டாயமாக்கப்பட்டது. செய்யுள் வரியை 'அடி' என்று சொல்லும் தமிழனுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. கட்டாய அடி, அவ்வளவுதான்.

கேள்வி வேறு. முடிவை ஒருவன் வைத்திருக்க, வழியை இன்னொருவன் போட்டால் அந்தப் பிரதி யாருடையது? இதற்குப் பதில் சொல்ல, முதலில் அந்தப் பாவின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

பாவின் பெயர் தெசிமா. பத்து அடிகள், அடிக்கு எட்டு அசை. ஸ்பெயின் கவிஞர் விசென்தே எஸ்பினெல் 1591-இல் வெளியிட்ட தம் நூலில் இதற்கு ஒரு தீர்மானமான வடிவம் கொடுத்தார். அவருக்கு முன்பும் பத்தடிப் பாக்கள் இருந்தன. ஆனாலும் லோப் தெ வேகா போன்றவர்கள் கொண்டாடியதால் 'எஸ்பினேலா' என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. இதில் இயைபு அமையும் முறை இது: 1, 4, 5 அடிகள் ஒரே ஓசையில் முடியும். 2, 3 ஓர் ஓசை. 6, 7, 10 ஓர் ஓசை. 8, 9 ஓர் ஓசை. நான்காம் அடியோடு வாக்கியம் முடிந்து ஒரு நிறுத்தம் வரும். ஐந்தும் ஆறும் அங்கிருந்து அடுத்த பாதிக்குப் போகிற பாலம்.

இப்போது பத்தாம் அடியை நடுவர் கொடுத்துவிட்டார் என்றால் என்ன ஆகிறது? பத்தாம் அடி மட்டுமல்ல, ஆறும் ஏழும் எந்த ஓசையில் முடிய வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்துவிட்டார். கவிஞனுக்கு உண்மையில் சுதந்திரமாகக் கிடைப்பது ஏழு அடிகளின் முடிவுகள்தான்.

உதாரணத்துக்கு நானே ஓர் அடி செய்துகொள்கிறேன்: 'லா லூஸ் கே தெஹோ மி அபுவேலோ.' என் தாத்தா விட்டுப்போன வெளிச்சம் என்று பொருள். எண்ணிப் பார்த்தால் ஒன்பது அசை வருகிறதே என்று தோன்றும். 'மி'யும் 'அபுவேலோ'வின் 'அ'வும் சேர்ந்து ஒரே அசையாகிவிடும், ஆகவே எட்டு. நம்முடைய உயிர்ப்புணர்ச்சி மாதிரி, ஆனால் எழுத்தில் தெரியாது, காதில்தான் கேட்கும். அடுத்தது இயைபு. அழுத்தம் விழும் உயிரிலிருந்து கடைசிவரை எல்லா எழுத்தும் ஒத்துவர வேண்டும். 'சியேலோ' (வானம்), 'சுவேலோ' (மண்), 'பான்யுவேலோ' (கைக்குட்டை) மூன்றும் பொருந்தும். 'புவெப்லோ' (ஊர்) பொருந்தாது. அதில் உயிர் ஒத்திருக்கிறது, மெய் ஒத்துவரவில்லை. பதற்றத்தில் வாய்க்கு வந்துவிடுகிற தவறு இதுதான், நடுவர் காதில் முதலில் உறுத்துவதும் இதுதான்.

தேர்ந்த பாடகன் முதலடியிலிருந்து யோசிப்பதில்லை. பின்னாலிருந்து வருகிறான். 'தாத்தா விட்டுப்போன வெளிச்சம்' என்பதில் வாக்கியம் இல்லை, வெறும் பெயர்த்தொடர். எனவே எட்டு, ஒன்பதாம் அடிகளில் ஒரு வினை திறந்தபடி நிற்க வேண்டும். 'இன்னும் என் குடிசையில் எரிகிறது...' என்று ஒன்பதாம் அடி முடிந்தால் பத்தாம் அடி எழுவாயாக வந்து உட்காரும். ஸ்பானிய மொழியில் எழுவாய் வினைக்குப் பின்னால் வரலாம் என்பதால் இது இயல்பாகவே ஒலிக்கும். பிறகு ஆறிலும் ஏழிலும் மண்ணையும் கைக்குட்டையையும் வைக்கிறான். மண்வெட்டி பிடித்த கையும் வியர்வை துடைத்த துணியும் கண்ணுக்கு வந்துவிட்டன. கடைசியாகத்தான் தொடக்கத்துக்கு வருகிறான்: ஒரு மலையோர வீடு, சாயங்காலம். கேட்கிறவனுக்கு ஒன்றிலிருந்து பத்து, செய்கிறவனுக்குப் பத்திலிருந்து ஒன்று.

நம்முடைய ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்லும் மரபோடு, சமஸ்யை என்றார்களே அதோடு, இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும். நான்கடி வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்தால், எதுகை அடியின் தலையில் இருப்பதால், மூன்றாம் அடியின் தொடக்கம் கட்டுப்படுகிறது. அதன் கடைசிச் சீரும் தளை தட்டாமல் ஈற்றடியின் முதற்சீரோடு சேர வேண்டும். நம் புலவனுக்குத் தலையில் கட்டு, அவர்களுக்கு வாலில்.

இந்தக் கட்டு எங்கிருந்து வந்தது? ஸ்பெயினில் பழைய 'குளோசா' என்றொரு வடிவம் இருந்தது. தெரிந்த நாலு வரியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியும் ஒரு பாவின் கடைசி அடியாக வரும்படி நான்கு பாக்கள் செய்வது. கட்டாய அடியை இதன் சுருங்கிய வாரிசாகக் கொள்ளலாம். பதினேழாம் நூற்றாண்டில் திருவிழாக்களை ஒட்டி நடுவர்களோடு கவிதைப் போட்டிகள் நடந்தன. புனித இசித்ரோவுக்காக 1620-இல் மத்ரித்தில் நடந்ததை லோப் தெ வேகாவே தொகுத்து நூலாக்கினார். அவை எழுதிச் சமர்ப்பிக்கும் போட்டிகள், படித்தவர் ஆட்டம். அதே தெசிமா கடல் தாண்டி, எழுத்தறியாத மலைக் குடியானவன் வாயில் பாட்டாகப் பிழைத்துக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டில் பண்பாட்டு நிறுவனங்கள் அவனைத் தேடிப்பிடித்து மேடையேற்றின. மேடையோடு நடுவர் மேசையும் திரும்ப வந்தது. சில போட்டிகளில் தாளும் பேனாவும் கொடுத்துச் சில நிமிடம் விடுகிறார்கள். சிலவற்றில் இசைக்கருவி ஒலிக்கிற நேரம்தான் யோசிக்கிற நேரம்.

கட்டாய அடிக்கு அடியில் இருப்பது ஒரு சந்தேகம். வீட்டிலேயே செய்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்துவிட்டானோ? அதற்கான சோதனை இது. ஆனால் சோதனை முழுமையானதல்ல. நான்காம் அடியில் நிறுத்தம் இருக்கிறதே, அந்த முதல் நான்கடியைப் பொதுவாகச் செய்து பையில் போட்டுக்கொண்டு வரலாம். மலை, விடியல், தாய்நாடு எதற்கும் பொருந்தும். கண்டுபிடிப்பது எப்படி? முதல் நான்கடியை மறைத்துவிட்டு மீதியைக் கேளுங்கள். எதுவும் குறையவில்லையென்றால் அது பைச்சரக்கு. ஒன்பதாம் அடியிலேயே வாக்கியம் முடிந்து, பத்தாவது சும்மா ஒட்டவைத்த வாலாகத் தொங்கினால் அதுவும் தோல்விதான், இயைபு சுத்தமாக இருந்தாலும்.

நடுவரும் தப்ப முடியாது. 'தாய்நாடே என் உயிர்' என்கிற மாதிரி அடி கொடுத்தால் எல்லார் பையிலும் அதற்குச் சரக்கு இருக்கும். மாறாக 'ஆர்போல்' (மரம்) என்று முடியும் அடி கொடுத்தால், ஸ்பானிய மொழியில் அதற்கு நிறைவாக இயையும் சொல் நடைமுறையில் இல்லை. அது சோதனை அல்ல, பொறி. நல்ல அடி ஒரு குறிப்பான பொருளைச் சொல்லும், பழகிய ஓசையில் முடியும், வாக்கியத்தைப் பாதியில் விட்டு வைக்கும்.

ஆக, அதிகாரம் முடிவை வைத்திருக்கிறது என்பது பாதி உண்மை. அந்த அடி நடுவர் கையிலிருந்தபோது அதில் தாத்தா யாரென்று தெரியாது, வெளிச்சம் எதுவென்று தெரியாது. ஒன்பது அடிகளுக்குப் பிறகு அதே எட்டு அசை திரும்பி வரும்போது, எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கும் ஒரு மலைக்குடிசை விளக்காக இருக்கிறது. ஓர் எழுத்தும் மாறவில்லை. கொடுத்தவருக்கே அது தம் அடியென்று தோன்றாவிட்டால், பாடியவன் ஜெயித்துவிட்டான்.