ஏறுமுக உறவும் வளைகோட்டு எடுகோளும்

மருந்தின் அளவு கூடும்போது விளைவு குறையாது என்பது மட்டுமே தெரிந்த நிலையில், அவ்வுறவின்மீது குறித்த வளைகோடொன்றைத் திணிப்பது முறையா? 1934இல் பிளிஸ் முன்வைத்த புரோபிற்று முறை அத்தகைய வடிவத்தை முன்கூட்டியே எடுகோளாகக் கொண்டது. 1955இல் அமெரிக்காவில் மிரியம் ஏயர், பிறங்க் முதலிய ஐவர் வேறு வழி கண்டனர். ஏறக்குறைய அதே காலத்தில் ஒல்லாந்தில் வான் ஈடன் அம்மையாரும் இவ்வினாவைத் தனித்து ஆராய்ந்தார்.

ஐவரின் முறை எளிது. நான்கு அளவுகளில், ஒவ்வொன்றுக்கும் 10 விலங்குகளாக மருந்தூட்ட, முறையே 1, 4, 2, 7 விலங்குகள் விளைவு காட்டின எனக் கொள்வோம். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குச் செல்கையில் ஏறுமுகம் முறிகின்றது. அவ்விரண்டையும் ஒன்றுசேர்த்தால் 20இல் 6, அதாவது 0.3. எனவே மதிப்பீடுகள் 0.1, 0.3, 0.3, 0.7 ஆகின்றன. சேர்த்துப் பெற்ற விகிதம் முன்னையதிலும் தாழ்ந்திருப்பின், அதனையும் உடன்சேர்த்தல் வேண்டும்.

இங்கு தோன்றும் சமதளம், அளவைக் கூட்டியதால் பயனில்லை என்பதற்குச் சான்றன்று. இத்தரவுகளில் ஏற்றம் புலப்படவில்லை என்பதே அதன் பொருள். மேலும், உயர்ந்த அளவில் விளைவு உண்மையாகவே வீழுமாயின், இம்முறை அவ்வீழ்ச்சியையும் சமதளமாக்கி மறைத்துவிடும். ஆதலின் மூல விகிதங்களையும் உடன் வெளியிடுதல் ஆய்வாளர் கடனாகும்.