`2×3` என்றால் எவ்வளவு? திரைத்துணி வாங்கும் முன் இதைப் பாருங்க!

லவ்டேல் குளிருக்கு ஜன்னலில் கனமான திரை வேணும். கடைக்கு வாட்ஸ்அப்பில் `4×5` என்று மட்டும் அனுப்பினால் என்ன ஆகும்? அடியா, மீட்டரா? எது அகலம், எது உயரம்? வாசிப்பவர் அவர் பழக்கப்படி புரிஞ்சுக்குவார். கணக்கு அங்கேதான் மாறும்.

ஒரே ஜன்னல், இரண்டு கணக்கு

உங்க ஜன்னல் 4 அடி அகலம், 5 அடி உயரம்னு வெச்சுக்குவோம். மடிப்பு அழகாக விழ, ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி வேணும். அதாவது 96 அங்குலம். துணியின் பன்னா 48 அங்குலம் என்றால், இரண்டு துண்டு போதும். ஒவ்வொன்றின் உயரம் 60 அங்குலம், மேலும் கீழும் மடித்துத் தைக்க இன்னொரு 12 அங்குலம். மொத்தம் 144 அங்குலம், சுமார் 3.7 மீட்டர்.

இதையே கடைக்காரர் 5 அடி அகலம், 4 அடி உயரம் என்று எடுத்தால்? அகலத்துக்கு 120 அங்குலம் வேணும், அதனால் மூணு துண்டு. ஒவ்வொன்றும் 60 அங்குலம். மொத்தம் 180 அங்குலம், சுமார் 4.6 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு மீட்டருக்குக் கூடுதல் காசு. அதைவிட மோசம், தைத்து வரும் திரை ஒரு அடி குட்டை. அந்த இடைவெளியில் குளிர்காத்து உள்ளே வரும்.

துணியில் எது நீளம்?

பெரிய எண்தான் நீளம்னு நினைக்காதீங்க. தானில் கரை ஓடும் திசைதான் நீளம். கரைக்குக் கரை உள்ள தூரம் அகலம், அதுதான் பன்னா. நீங்க அரை மீட்டர் வெட்டி வாங்கினால், நீளம் அகலத்தைவிடக் குறைவாகவே இருக்கும். கோடு போட்ட துணியைத் திருப்பித் தைத்தால், நிற்கவேண்டிய கோடு படுத்துவிடும். எட்டு முழ வேட்டி என்கிறபோது இந்தக் குழப்பம் இல்லை. முழம் நீளத்தை மட்டும் சொல்லும், அகலத்தைத் தறியே முடிவு செய்துவிடும்.

அலகை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஜன்னலுக்கு `48×60` என்று இருந்தால் அங்குலம், `120×150` என்றால் சென்டிமீட்டர், `1200×1500` என்றால் மில்லிமீட்டர் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். சின்ன எண்கள்தான் ஆபத்து. `2×3` விரிப்பு அடியில் என்றால் 6 சதுர அடி, வாசலில் போடலாம். மீட்டரில் என்றால் சுமார் 65 சதுர அடி, ஹாலில் பாதியை மூடிவிடும்.

அறைக்கும் இதே சிக்கல். `10×12` அடி அறையைத் திருப்பிச் சொன்னாலும் பரப்பு 120 சதுர அடிதான். ஆனா எந்தச் சுவரில் கட்டில் நுழையும் என்பது மாறிடும். அதனால் "வாசலில் இருந்து எதிர்ச்சுவர் வரை 12 அடி, குறுக்கே 10 அடி" என்று எழுதுங்க. ஜன்னலுக்கு "அகலம் 4 அடி, உயரம் 5 அடி". இரண்டு வார்த்தை கூடும், ஒரு மீட்டர் துணி மிச்சமாகும்.