ஊசலை அடக்கிய இரு பாதிகள்

கான்ட்ரி கிரேன் எனப்படும் பாரந்தூக்கியை நம்மில் பலர் பார்த்திருப்போம். இரு பக்கத் தூண்களின்மேல் நீண்ட உத்தரம். உத்தரத்தின்மீது ஓடும் டிராலி என்ற வண்டி. அதிலிருந்து எஃகு வடத்தில் தொங்கும் கொக்கி. டிராலி உரிய இடத்தில் நின்றுவிட்ட பிறகும் கொக்கியில் உள்ள சுமை நிற்பதில்லை. அது ஓர் ஊசலாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். காற்றின் தடை சிறிதே ஆகையால் ஆட்டம் தானாக அடங்கப் பல நிமிடங்கள் ஆகலாம். அதுவரை சுமையை இறக்க இயலாது. ஆட்டத்தைப் பின்னர் அடக்குவதற்குப் பதிலாக, அது எழாதபடியே டிராலியை ஓட்ட முடியுமா? இக்கேள்விக்குக் கிடைத்த விடையின் வரலாறு சுவையானது.

அனுபவம் மிக்க கிரேன் ஓட்டுநர்கள் இதனைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். டிராலியைச் சற்று நகர்த்தி, சுமை ஆடி முன்னே வரும் சமயம் பார்த்து, மீண்டும் நகர்த்திச் சுமையின் நேர்மேலே கொண்டுபோய் நிறுத்துவார்கள். இந்தப் பழக்கத்தைக் கணித விதியாக்கியவர் அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஓட்டோ ஸ்மித். 1957ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையில் தம் முறைக்குப் 'பாசிகாஸ்ட்' என்று பெயரிட்டார். தூண்டிலை வீசுபவர், கயிறு முழுதும் நீண்டு வேகம் ஒடுங்கிய கணத்தில் தூண்டில் நீரில் படியுமாறு வீசுகிறார் அல்லவா? அந்த வீச்சை நினைவூட்டும் பெயர் அது.

ஸ்மித்தின் விதி மிக எளியது. கொடுக்க வேண்டிய கட்டளையை இரு சம பாதிகளாகப் பிரிக்க வேண்டும். முதற் பாதியை உடனே கொடுக்க வேண்டும். மறு பாதியைச் சரியாக அரை அலைவு நேரம் கழித்துக் கொடுக்க வேண்டும். முதற் பாதி எழுப்பும் ஆட்டத்தை இரண்டாம் பாதி எழுப்பும் ஆட்டம் எதிர்த்து அழித்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். டிராலிக்கும் சுமையின் மையத்துக்கும் இடையே 9 மீட்டர் தூரம் என்க. ஊசலின் அலைவு நேரம் T = 2π√(l/g) என்பதை நாம் அறிவோம். இதன்படி அலைவு நேரம் ஏறத்தாழ 6 வினாடி. சுமையின் எடை இவ்வாய்பாட்டில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; 1 டன்னாயினும் 10 டன்னாயினும் நேரம் ஒன்றே.

டிராலி வினாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தை ஒரே மூச்சில் அடைவதாகக் கொண்டால், சுமை நேர்கோட்டிலிருந்து இரு புறமும் சுமார் 48 சென்டிமீட்டர் ஆடும். பொருந்தாத கணத்தில் நிறுத்தினால் இரு ஆட்டங்களும் சேர்ந்து ஏறத்தாழ 1 மீட்டராகும்.

இப்போது ஸ்மித்தின் விதிப்படி டிராலிக்கு முதலில் 0.25 மீட்டர் வேகம் மட்டும் கொடுப்போம். டிராலியின்மேல் உட்கார்ந்திருப்பவரின் பார்வையில், தரையோடு ஒப்பிட அசையாதிருந்த சுமை, வினாடிக்கு 0.25 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிச் செல்லும். அது பின் எல்லைவரை போய்த் திரும்பி, அரை அலைவு நேரமான 3 வினாடி முடிவில் அவருக்கு நேர்கீழே வந்துசேரும். அப்போது அதன் வேகம் அதே 0.25, ஆனால் முன்னோக்கி. தரையில் நிற்பவருக்கோ டிராலியின் 0.25உம் சுமையின் 0.25உம் சேர்ந்து, சுமை 0.5 மீட்டர் வேகத்தில் செல்லும். அந்தக் கணத்திலேயே டிராலியின் வேகத்தையும் 0.5 ஆக உயர்த்திவிட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மேலாக, ஒரே வேகத்தில் செல்லும். ஆட்டத்துக்குக் காரணமே இல்லாமற் போகிறது. நிறுத்தும்போதும் இவ்வாறே 0.5இலிருந்து 0.25க்குக் குறைத்து, 3 வினாடி சென்று, பின் முற்றிலும் நிறுத்த வேண்டும்.

இதற்குக் கொடுக்கும் விலை பயண நேரத்தில் 3 வினாடியே. ஆனால் ஓட்டுநர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். பொத்தானை விட்ட பின்னும் டிராலி மேலும் 75 சென்டிமீட்டர் செல்லும். இது பிடிபடும்வரை இலக்கைத் தாண்டிச் செல்லும் தவறு நிகழும்.

இவ்வளவு எளிய முறை ஏன் உடனே எங்கும் பரவவில்லை? ஒரு காரணம், அக்காலத்துக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒரு கட்டளையைக் குறித்த நேரம் தாமதப்படுத்துவது எளிதன்று. மற்றொரு காரணம் இன்னும் முக்கியமானது. இம்முறை முழுவதும் அலைவு நேரத்தை நம்பி நிற்கிறது. மேற்கண்ட கிரேனில் வடத்தின் நீளம் 9 மீட்டருக்குப் பதில் உண்மையில் 11 மீட்டர் என்க. அலைவு நேரம் 6 வினாடியன்று, 6.65 வினாடி. இரண்டாம் பாதி சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. ஆட்டத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8 சென்டிமீட்டர், எஞ்சிவிடும்.

இக்குறை தீர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. 1981ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் முதன்முதலாகச் சென்ற கனடா நாட்டு இயந்திரக் கை, சுமார் 15 மீட்டர் நீளமுள்ளது. மெலிந்து நீண்ட அக்கை நகர்ந்து நின்றதும் அதிரும். ஒவ்வொரு முறையும் அதிர்வு அடங்கக் காத்திருக்க வேண்டும். பிடித்துள்ள பொருளுக்கும் மூட்டுகளின் நிலைக்கும் ஏற்ப அதன் அலைவு நேரமும் மாறும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நீல் சிங்கரும் வாரன் சீரிங்கும் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், இக்கையின் கணிப்பொறி மாதிரியில் தங்கள் முறையைச் சோதித்துக் காட்டினர்.

அலைவு நேரத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் எஞ்சும் அதிர்வு விரைந்து வளரக் கூடாது என்ற நிபந்தனையை அவர்கள் கூடுதலாகச் சேர்த்தனர். விடையாக வந்தது மூன்று துண்டுக் கட்டளை. முதலில் கால் பங்கு, அரை அலைவு நேரம் கழித்து அரைப் பங்கு, மேலும் அரை அலைவு நேரம் கழித்துக் கால் பங்கு. இதை வேறு விதமாகவும் புரிந்துகொள்ளலாம். ஸ்மித்தின் இரு பாதிகளையும் மறுபடி அவ்வாறே இவ்விரு பாதிகளாகப் பிரித்து, நடுவில் ஒரே நேரத்தில் விழும் இரண்டு கால்களைக் கூட்டினால் கிடைப்பது இதுவே. ஒருமுறை பிரித்ததில் ஏழில் ஒரு பங்கு எஞ்சியது. இருமுறை பிரித்தால் அந்த ஏழில் ஒரு பங்கின் ஏழில் ஒரு பங்கே எஞ்சும். நம் கிரேனில் சுமார் 8 சென்டிமீட்டர் இருந்த ஆட்டம் சுமார் 1 சென்டிமீட்டராகிவிடும். தாமதம் மட்டும் 3 வினாடியிலிருந்து 6 வினாடியாகும்.

இயந்திரக் கையில் அதிர்வு தானாகவும் சிறிது தணிவதால் பாதிகள் சமமாக இரா. தணிவு விகிதம் 0.1 ஆனால், இரு துண்டு முறையில் முதல் துண்டு 58 விழுக்காடு, இரண்டாவது 42 விழுக்காடு. தணிந்துவிட்ட அதிர்வை அழிக்கச் சிறிய துண்டே போதும்.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. கட்டளை எழுப்பும் ஆட்டத்தை மட்டுமே இது தடுக்கும். காற்று தள்ளியதாலோ, சுமையைக் கோணலாகத் தூக்கியதாலோ வந்த ஆட்டத்தை இது அறியாது. ஓடும்போதே சுமையை வெகுதூரம் ஏற்றி இறக்கினால் அலைவு நேரமே மாறிவிடும். கொக்கி கனமாக இருந்து, அதன் கீழ் நீண்ட கயிற்றில் சுமை தொங்கினால் இரு வேறு அலைவு நேரங்கள் தோன்றும். ஒன்றை அடக்கினாலும் மற்றது ஆடும். காரணத்தைக் கண்டறிய வழி எளிது. நின்ற பின் ஆட்டம் எஞ்சினால் பத்து அலைவுகளின் நேரத்தை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். அது கருவியில் பதித்த நேரத்தோடு வேறுபட்டால் பிழை அங்கேதான். ஒத்திருந்தால், சுமை முன்பே ஆடிக்கொண்டிருந்ததா, மோட்டார் கட்டளைப்படி ஓடியதா என்று பார்க்க வேண்டும்.

இன்று முப்பரிமாண அச்சுப்பொறிகளிலும் இதே விதி வேலை செய்கிறது. விரைந்து திரும்பும் அச்சுமுனை அதிர்ந்தால், பொருளின் பக்கத்தில் மூலையை அடுத்து அலை அலையாகத் தழும்புகள் விழும். அங்கு அதிர்வு வினாடிக்கு 50 முறை என்றால், இரண்டாம் பாதி வர வேண்டியது வினாடியில் நூறில் ஒரு பங்கு கழித்து. கிரேனுக்கு அதுவே 3 வினாடி.