பொய் இலக்கங்களுக்குப் பின்னால் ஓடாதிருக்க

கிளிநொச்சியில் பனையோலைப் பொருட்கள் செய்யும் பெண்கள் குழுவொன்றின் முகநூல் விளம்பரங்களை நான் கவனித்து வருகிறேன். விளம்பரத்தை அழுத்தினால் அங்கேயே ஒரு சிறு படிவம் திறக்கும். அதில் வரும் இலக்கங்களுக்கு குழுவிலுள்ள அக்கா ஒருவர் அழைத்து ஓடர் எடுப்பார்.

ஒரு வாரம் 6,000 ரூபாவுக்கு 46 பேரின் விபரங்கள் வந்தன. அவற்றில் 9 இலக்கங்கள் பாவனையில் இல்லை. 12 பேர் அழைப்பை எடுக்கவில்லை. 14 பேர், "நாங்கள் ஒன்றும் நிரப்பவில்லையே" என்றார்கள். மிஞ்சிய 11 பேரிடம் கிடைத்தது 3 ஓடர்கள். நிரப்பாத 14 பேரில் ஒரு தாய், "காணாமல் போன என்ர மகனைப் பற்றியா எடுக்கிறீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அன்று வேறு யாருக்கும் அழைக்கவில்லை.

இந்தப் படிவம் பெயரையும் இலக்கத்தையும் முகநூல் கணக்கிலிருந்து தானாகவே நிரப்பிக்கொள்ளும். கணக்கில் பழைய இலக்கம் இருந்தால் அதுவே வரும். அந்த இலக்கம் இன்று வேறொருவர் கையில் இருக்கலாம். கைதவறி அழுத்துபவர்களும், தானியங்கி பொய்க் கணக்குகளும் உண்டு. அவற்றையும் வெற்றியாக எண்ணி, முகநூல் அதே மாதிரியானவர்களையே மேலும் தேடித் தருகிறது.

முதலில் படிவத்தின் வகையை More volume என்பதிலிருந்து Higher intent என்பதற்கு மாற்றினேன். இப்போது அனுப்புவதற்கு முன் விபரங்களைச் சரிபார்க்கும் திரை வரும். அதனுடன், குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைப் பதிந்தால்தான் இலக்கம் ஏற்கப்படும் என்ற தெரிவையும் இட்டேன். இது எல்லாக் கணக்குகளிலும் தெரியாது. அடுத்து, "எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும்?" என்று தட்டச்சு செய்தே பதில் தரவேண்டிய ஒரு கேள்வியைச் சேர்த்தேன். பொருளற்ற எழுத்துகள் வந்தால் அது பொய்ப் பதிவு என்று தெரிந்துவிடும்.

பட்டியல் வந்ததும் அக்கா ஐந்து நிமிடம் பார்ப்பார். எங்கள் நாட்டுக் கைபேசி இலக்கமென்றால் +94 இற்குப் பின் 7 இல் தொடங்கும் ஒன்பது இலக்கங்கள் இருக்கவேண்டும். ஒரே இலக்கம் இரு பெயர்களில் வந்தாலோ, ஒரே நிமிடத்தில் பல பதிவுகள் வந்தாலோ ஒதுக்கி வைப்பார். வெளிநாட்டு இலக்கங்களை அழிப்பதில்லை. ஊருக்குப் பொருள் அனுப்பச் சொல்லும் உறவுகள் அங்கேதான் இருக்கிறார்கள். பிறகு, நாங்கள் யார், எதற்காக எழுதுகிறோம் என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகும். பதில் வந்தால் மட்டுமே அழைப்பு.

அடுத்த வாரம் அதே 6,000 ரூபாவுக்கு 17 பதிவுகள்தான் வந்தன. ஆனால் ஓடர்கள் 5. ஒரு பதிவின் செலவு ஏறக்குறைய 130 ரூபாவிலிருந்து 353 ஆகக் கூடியது. ஒரு ஓடரின் செலவு 2,000 இலிருந்து 1,200 ஆகக் குறைந்தது. பார்க்க வேண்டியது இரண்டாவது கணக்கைத்தான்.

குறியீடு உறுதிசெய்வது கைபேசி அவர் கையில் இருக்கிறது என்பதை மட்டுமே. வாங்கும் எண்ணத்தை அல்ல. அதை உறுதிசெய்ய அடையாள அட்டை இலக்கம் கேட்கலாமே என்று ஒருவர் சொன்னார். கேட்கவில்லை. ஒரு பெட்டி விற்க அது தேவையில்லை. எங்கள் சனம் அதைக் கண்டால் படிவத்தை மூடிவிடும்.